ஒன்பது வயதுக் குழந்தைக்கு நாளும் பத்து நிமிட மனக்கணக்கு: பத்தாக்குதல், இரட்டித்தல், பாதியாக்குதல்

நான்காம் வகுப்பில் படிக்கும் ஒரு குழந்தையிடம் 47உம் 38உம் சேர்ந்தால் எவ்வளவு என்று வாயால் கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் கண்ணை மேலே உருட்டி, காற்றில் விரலால் எழுதத் தொடங்குவார்கள். 7உம் 8உம் 15, 5 போட்டு, கையில் 1, பிறகு 4உம் 3உம் 7, கையில் இருந்த 1ஐச் சேர்த்தால் 8, ஆக 85 என்று சொல்வார்கள், அல்லது பாதி வழியில் அந்தக் கையிருப்பு ஒன்றைத் தொலைத்துவிட்டு 75 என்பார்கள். இது மனக்கணக்கு அன்று. தாளில் செய்ய வேண்டிய கணக்கைத் தாள் இல்லாமல் செய்வது. நான்கு இலக்கங்களையும் ஒரு கையிருப்பையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருக்கவேண்டிய சுமை அதில் இருக்கிறது. மனக்கணக்கில் பழகிய குழந்தை அதே கேள்வியை, 38இலிருந்து 3ஐ எடுத்து 47க்குக் கொடுத்து, 50உம் 35உம் ஆக்கி, 85 என்று முடித்துவிடும்.

இவ்வாறு எண்ணைப் பிரித்து வசதியாக மாற்றிக்கொள்வதற்கு மூன்று கருவிகள் போதும்: பத்தாக நிரப்புதல், இரட்டித்தல், பாதியாக்குதல். இவற்றை நாளும் பத்து நிமிடம் வீட்டில் எவ்வாறு பழக்குவது, எந்த வரிசையில் பழக்குவது, குழந்தை எங்கே சறுக்குகிறது என்பதைப் பதிவேட்டிலிருந்து எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. இதில் நான் அதிகம் வலியுறுத்தப்போவது மதிப்பெண்ணை அன்று. குழந்தை சொல்லும் தவறான விடை, சரியான விடையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே நம் கவனத்துக்கு உரியது. ஒன்று தள்ளி நின்றால் ஒரு காரணம், ஐந்து தள்ளி நின்றால் வேறொரு காரணம், பத்து தள்ளி நின்றால் மற்றொன்று. பெரும்பாலான சறுக்கல்கள் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

## தொடங்கும் முன்

தேவையான பொருள்கள் மிகக் குறைவு. கட்டம் போட்ட நோட்டு ஒன்று, பென்சில், பத்துப் புளியங்கொட்டைகள், அட்டையில் வரைந்த பத்துக் கட்டங்கள் (மேல் வரிசையில் ஐந்து, கீழ் வரிசையில் ஐந்து). கடிகாரம் வேண்டாம். நேரத்தை அளக்கத்தான் வேண்டும், ஆனால் அளப்பது குழந்தைக்குத் தெரியக்கூடாது. கேள்வியைச் சொல்லி முடித்ததும் உங்கள் மனத்துக்குள் நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குள் விடை வந்தால் அது விரைவான விடை. எதிரில் ஓடும் ஸ்டாப்வாட்ச்சைப் பார்க்கும் குழந்தை, தெரிந்ததைக்கூட மறந்துவிட்டு ஊகிக்கத் தொடங்கும். ஊகித்த விடையிலிருந்து நீங்கள் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஒவ்வொரு விடைக்கும் மூன்று குறிகளில் ஒன்றைப் போடுங்கள். மூன்று எண்ணுவதற்குள் சரியாக வந்தால் டிக். சரியாக, ஆனால் தாமதமாக வந்தால் புள்ளி. தவறினால் சிறு வட்டம். பெருக்கல் குறி போடவேண்டாம். நோட்டைக் குழந்தையும் பார்க்கும், பார்க்கவேண்டும். வட்டத்தைப் பின்னால் பழகிவிட்டு உள்ளே ஒரு டிக் போட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்பதால் அது ஒரு பாக்கிபோலத் தோன்றுமே தவிர, தண்டனையாகத் தோன்றாது.

முதல் நாள் பழக்கம் எதுவும் இல்லை, சோதனை மட்டும். பத்தாக்குவதில் பத்து, இரட்டிப்பதில் பத்து, பாதியாக்குவதில் பத்து என்று முப்பது கேள்விகளைக் கேளுங்கள். குழந்தை சோர்ந்தால் இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். விடையை மட்டும் பார்க்காமல் உதடுகளையும் விரல்களையும் கவனியுங்கள். 8உம் 6உம் கேட்கும்போது உதடு ஒன்பது, பத்து, பதினொன்று என்று அசைந்தால் குழந்தை இன்னும் ஒவ்வொன்றாக எண்ணுகிறது என்று பொருள். அந்தக் குழந்தையை இரட்டிப்பதற்கு அழைத்துச் செல்வதற்கு முன், முதல் படியில் சில நாள்கள் கூடுதலாக நிறுத்தவேண்டும்.

## ஒன்பது படிகள்

பழக்கம் முழுவதையும் நான் ஒன்பது படிகளாகப் பிரித்துக்கொள்கிறேன். 1: பத்தின் ஜோடிகள். 2: பத்தைத் தாண்டும் கூட்டல். 3: பத்தைத் தாண்டும் கழித்தல். 4: நூறின் ஜோடிகள். 5: இருபது வரையிலான எண்களையும் முழுப் பத்துகளையும் இரட்டித்தல். 6: எந்த ஈரிலக்க எண்ணையும் இரட்டித்தல். 7: ஈரிலக்க இரட்டைப்படை எண்களைப் பாதியாக்குதல். 8: நான்கால், எட்டால், ஐந்தால் பெருக்குதல். 9: இரண்டு ஈரிலக்க எண்களைக் கொடுத்து வாங்கிக் கூட்டுதல். ஒரு படிக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றாலும், முதல் படி இரண்டே நாளில் முடியக்கூடும், ஏழாவது படிக்கு இரண்டு வாரமும் பிடிக்கலாம். வரிசையை மாற்றவேண்டாம்; குறிப்பாக இரட்டிப்பு நிலைபெறுவதற்கு முன் பாதியைத் தொடவேண்டாம்.

## பத்தாக்குதல்

பத்துக் கட்ட அட்டையில் ஏழு புளியங்கொட்டைகளை வைத்து, எத்தனை கட்டம் காலி என்று கேளுங்கள். மேல் வரிசை முழுதாக ஐந்து, கீழே இரண்டு, ஆக மூன்று காலி என்பது எண்ணாமலே தெரியவேண்டும். பிறகு அட்டையை ஒரு நோட்டால் மூடிவிட்டு, உள்ளே எட்டு இருக்கிறது, எத்தனை காலி என்று கேளுங்கள். பிறகு அட்டையே வேண்டாம். நீங்கள் 6 என்றால் குழந்தை 4 என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. 9-1, 5-5 இரண்டும் உடனே வந்துவிடும். 7-3, 6-4 ஆகியவைதான் தயங்கும் என்பதால் பத்துக் கேள்விகளில் ஆறு இந்த இரண்டிலிருந்தே இருக்கட்டும்.

இரண்டாவது படியில் 8+6 போன்ற கணக்குகள் வருகின்றன. பார்ப்பதற்கு ஒரே செயலாகத் தோன்றும் இதனுள் மூன்று செயல்கள் இருக்கின்றன: 8க்குப் பத்தாக 2 வேண்டும் என்று தெரிதல், 6ஐ 2ஆகவும் 4ஆகவும் பிரித்தல், 10உம் 4உம் 14 என்று சேர்த்தல். குழந்தை தாமதித்தால் இந்த மூன்றையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். எட்டுக்கு எவ்வளவு வேண்டும்? ஆறிலிருந்து இரண்டு போனால் மீதி என்ன? பத்தும் நாலும்? முதலாவதும் மூன்றாவதும் சட்டென வந்து, நடுவில் தயங்குவதே வழக்கம். அப்படியானால் குறை பத்தின் ஜோடியில் இல்லை, சிறிய எண்களைப் பிரிப்பதில் இருக்கிறது. 5ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம், 6ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று இரண்டு நாள் புளியங்கொட்டையை இரு கைகளில் பிரித்து மறைத்து விளையாடினால் அது சரியாகிவிடும்.

இங்கே வரும் தவறு பெரும்பாலும் ஒன்று தள்ளி நிற்கும். 8+6 கேட்டால் 13 என்று ஒரு குழந்தை சொல்லும். அது எட்டையே முதல் எண்ணிக்கையாக வைத்து, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஆறு முறை எண்ணியிருக்கிறது. விடையில் ஒன்று குறைந்தாலோ கூடினாலோ, குழந்தை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது என்பதே விடை. விரலைத் தடை செய்வதால் இது மாறாது. தடை செய்தால் விரல் மேசைக்கு அடியில் போகும், அல்லது நாக்கு எண்ணும். பத்துக்கட்ட அட்டைக்குத் திரும்பி இரண்டு நாள் இருப்பதே நேர்வழி. அபாகஸ் வகுப்புக்குப் போகும் குழந்தை காற்றில் மணிகளைத் தள்ளினால் அதை விட்டுவிடுங்கள். அது எண்ணுவது ஆகாது, அவர்கள் அங்கே பத்தின் ஜோடிகளை வேறு பெயரில் ஏற்கெனவே கற்றிருப்பார்கள்.

8+6 நிலைபெற்றதும் அதே வாரத்தில் 48+6, 78+6 என்று நீட்டுங்கள். 48க்கு இரண்டு சேர்த்தால் 50, மீதி 4, ஆக 54. மூன்றாவது படியான கழித்தலும் முழுப் பத்தில் நின்று கடக்கும் இதே பாலத்தின் வழியாகத்தான் நடக்கிறது: 53−8 என்றால் முதலில் 3ஐக் கழித்து 50இல் நின்று, எட்டில் மீதியுள்ள 5ஐக் கழித்து 45. இந்தப் படியில் 55 என்ற விடை அடிக்கடி வரும். பத்து தள்ளி நிற்கும் விடை இது. 3இலிருந்து 8 போகாது என்பதால் குழந்தை 8இலிருந்து 3ஐக் கழித்துவிட்டு, ஐந்து பத்துகளை அப்படியே வைத்திருக்கிறது. எழுத்துக் கணக்கில் கடன் வாங்க மறந்ததன் நிழல் அது. கடன் வாங்குவதை நினைவூட்டாமல், முதலில் எந்தப் பத்தில் போய் நிற்பாய் என்று மட்டும் கேளுங்கள். 50 என்று குழந்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு விடை 50க்கு மேல் போகாது.

53இலிருந்து 10ஐக் கழித்து 2ஐச் சேர்க்கலாமே என்று சில பெற்றோர் கேட்பார்கள். அது அழகான வழிதான். ஆனால் இந்த வயதில் கழித்தல் என்று தொடங்கியதால் அந்த 2ஐயும் சேர்த்துக் கழித்துவிடும் குழந்தைகள் பலர். பாலம் உறுதியான பிறகு அதைக் காட்டுங்கள்.

நான்காவது படி நூறின் ஜோடிகள். இதில் ஒரே ஒரு தவறுதான் திரும்பத் திரும்ப வரும்: 37க்கு ஜோடி 73 என்பது. மூன்றுக்கு ஏழு, ஏழுக்கு மூன்று என்று இரண்டு இடங்களிலும் பத்தை நிரப்பினால் கிடைப்பது 110. இதுவும் பத்து தள்ளி நிற்கும் விடையே. இதற்கு மருந்து மளிகைக் கடையில் இருக்கிறது. 37 ரூபாய்க்குப் பொருள் வாங்கி நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், கடைக்காரர் கழித்துப் பார்ப்பதில்லை. மூன்று ரூபாய் சில்லறையை வைத்து நாற்பது என்பார், ஒரு பத்து ரூபாயை வைத்து ஐம்பது என்பார், ஐம்பது ரூபாய்த் தாளை வைத்து நூறு என்பார். குழந்தையைக் கடைக்காரராக்கி, காசையும் தாள்களையும் கொடுத்து, இதே வரிசையில் மீதி கொடுக்கச் சொல்லுங்கள். ஒன்றுகள் சேர்ந்தவுடன் ஒரு பத்து அங்கேயே உருவாகிவிடுகிறது, எனவே பத்துகளில் நிரப்பவேண்டியது ஒன்பது வரை மட்டுமே என்பதை அந்தக் கையசைவு விளக்கிவிடும்.

## இரட்டித்தல்

ஒன்று முதல் பத்து வரை இரட்டிப்பு என்பது இரண்டாம் வாய்ப்பாடுதான். நான்காம் வகுப்புக் குழந்தைக்கு அது தெரிந்தே இருக்கும். ஆனால் வரிசையாகச் சொல்லத் தெரிவது வேறு, கலைத்துக் கேட்டால் உடனே சொல்வது வேறு. 8, 6, 9, 7 என்று கலைத்துக் கேளுங்கள். பிறகு 11 முதல் 20 வரை, பிறகு 30, 60, 70, 90 என்ற முழுப் பத்துகள்.

ஆறாவது படியில் 37ஐ இரட்டிக்கும்போது, முதல் சில நாள்கள் குழந்தை மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும்: அறுபது, பதினான்கு, எழுபத்து நான்கு. நீங்கள் 46 என்றால் எண்பது, பன்னிரண்டு, தொண்ணூற்று இரண்டு. பெரிய பகுதியை முதலில் சொல்வதே இதில் முக்கியம். எழுத்துக் கணக்கு வலப்பக்கத்திலிருந்து தொடங்குவதால் குழந்தை பதினான்கை முதலில் சொல்ல முற்படும். அப்படிச் சொன்னால் கையிருப்பு ஒன்றை நினைவில் சுமக்கவேண்டி வந்துவிடும். 37க்கு 64 என்று விடை வந்தால், அதுவும் பத்து தள்ளி நிற்பதே. பதினான்கில் இருந்த பத்து வழியில் விழுந்துவிட்டது. திருத்துவதற்குப் பதிலாக, அறுபதும் பதினான்கும் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். சில நாள்களுக்குப் பிறகு நடுச்சொற்கள் தாமாகவே உதிர்ந்து கடைசிச் சொல் மட்டும் நிற்கும்.

இந்தப் படிக்கு ஒரு நல்ல பயிற்சி இரட்டிப்புச் சங்கிலி. 3இல் தொடங்கினால் 3, 6, 12, 24, 48, 96, 192. இதில் பத்தைத் தாண்டும் இடங்கள் குறைவு என்பதால் முதல் நாள்களுக்கு ஏற்றது. 7இல் தொடங்கினால் 7, 14, 28, 56, 112, இது கடினமானது. குழந்தை ஒன்று சொல்ல, நீங்கள் அடுத்ததைச் சொல்ல, மாறி மாறிப் போகலாம். எந்தக் கண்ணியில் நின்றது என்பதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 28இலிருந்து 56க்குப் போகும் இடத்தில் நிற்பது இயல்பு.

இரட்டிப்பு கைவந்ததும் அதன் பக்கத்தில் இருக்கும் கூட்டல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 36+37 என்பது 36இன் இரட்டிப்பு 72, மேலும் ஒன்று, 73. இதைத் தனிப் படியாக வைக்கவேண்டியதில்லை. ஆறாவது படியின் இறுதி நாள்களில் கலந்து கேட்டால் போதும்.

## பாதியாக்குதல்

மூன்று கருவிகளில் அதிகம் சறுக்குவது இதுதான், எனவே இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். 84க்குப் பாதி கேட்டால் 42 உடனே வரும். 76க்குப் பாதி கேட்டால் அதே குழந்தை திகைத்து நிற்கும். காரணம் எளிது: 84இல் எட்டுப் பத்துகள் சரிபாதியாகப் பிரிகின்றன, 76இல் ஏழு பத்துகள் பிரிவதில்லை. ஒரு பத்து மிச்சமாக நிற்கிறது, அதை என்ன செய்வது என்று குழந்தைக்குத் தெரியவில்லை. தெரியாத குழந்தை அதைக் கீழே போட்டுவிடும்: ஏழில் பாதி மூன்று, ஆறில் பாதி மூன்று, ஆக 33. சரியான விடை 38. தள்ளி நிற்பது ஐந்து, அதாவது கீழே விழுந்த பத்தில் பாதி.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. 76ஐ 60ஆகவும் 16ஆகவும் பிரித்து 30உம் 8உம் என்று சேர்க்கலாம். அல்லது 70க்குப் பாதி 35 என்று தெரிந்து வைத்துக்கொண்டு, 6க்குப் பாதி 3ஐச் சேர்க்கலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். ஒற்றைப்படைப் பத்துகள் ஐந்துதான்: 10க்குப் பாதி 5, 30க்கு 15, 50க்கு 25, 70க்கு 35, 90க்கு 45. இந்த ஐந்தும் மனப்பாடமாக இருந்தால் ஈரிலக்க இரட்டைப்படை எண்கள் எல்லாவற்றுக்கும் பாதி கண்டுபிடித்துவிடலாம். 94க்கு 45உம் 2உம் 47. 58க்கு 25உம் 4உம் 29. முதல் வழியில் ஒவ்வொரு முறையும் எவ்வாறு பிரிப்பது என்று முடிவெடுக்கவேண்டியிருக்கிறது. இதில் முடிவெடுக்க ஒன்றும் இல்லை. புரிதல் வேண்டும் என்பதற்காக முதல் நாளில் மட்டும், ஏழு பத்து ரூபாய்த் தாள்களை இருவருக்குப் பிரிக்கச் சொல்லி, மிச்சமான ஒரு தாளை ஐந்து ரூபாய்க் காசுகளாக மாற்றிப் பங்கிடச் செய்யுங்கள்.

பாதியைச் சொன்னதும் அதையே இரட்டித்துச் சரிபார்க்கப் பழக்குங்கள். 76க்குப் பாதி 33 என்று சொன்ன குழந்தை 33ஐ இரட்டித்து 66 என்று கண்டதும் தானே நிமிர்ந்து பார்க்கும். நீங்கள் தவறு என்று சொல்லவேண்டிய தேவையே இருக்காது. இரட்டிப்பு நிலைபெற்ற பின்னரே பாதிக்கு வரவேண்டும் என்று முன்னர்ச் சொன்னது இதற்காகத்தான்.

37 போன்ற ஒற்றைப்படை எண்களுக்குப் பாதி கேட்பதை இறுதியில் வைத்துக்கொள்ளலாம். அரைக் கிலோ, அரை லிட்டர் என்று கேட்டுப் பழகிய குழந்தைக்குப் பதினெட்டரை என்ற விடை கடினமாக இராது. 75 ரூபாய்க்குப் பாதி 37 ரூபாய் 50 காசு என்று பணத்தில் கேட்டாலும் போதும்.

## மூன்றையும் இணைக்கும் படிகள்

எட்டாவது படியில் இரட்டிப்பும் பாதியும் பெருக்கலாக மாறுகின்றன. நான்கால் பெருக்க இரண்டு முறை இரட்டித்தால் போதும்: 23, 46, 92. எட்டால் பெருக்க மூன்று முறை: 13, 26, 52, 104. ஐந்தால் பெருக்கப் பாதியாக்கிப் பத்தால் பெருக்கலாம்: 48க்குப் பாதி 24, ஆக 240. விருப்பமுள்ள குழந்தைக்கு, ஒன்றைப் பாதியாக்கி மற்றொன்றை இரட்டித்தால் பெருக்கல் மாறாது என்பதையும் காட்டலாம்: 16×25 என்பது 8×50, அது 4×100, ஆக 400.

இதை அறிந்த குழந்தை அடுத்த நாளே அதைக் கூட்டலில் பயன்படுத்திப் பார்க்கும் என்பதை எதிர்பாருங்கள். 16+25ஐ 8+50 ஆக்கி 58 என்று சொல்லும். உண்மையான விடை 41. கூட்டலில் எண்கள் மாறும் விதம் வேறு: ஒன்று எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவை மற்றொன்று வாங்கவேண்டும். 48+37 என்றால் 37 இரண்டைக் கொடுக்க, 50+35, ஆக 85. ஒன்பதாவது படி முழுவதும் இதுதான். கழித்தலிலோ இரண்டும் ஒரே பக்கம் நகரவேண்டும்: 48−37 என்பது 50−39, விடை 11. கூட்டலைப்போல் 50−35 என்று செய்தால் 15 வந்துவிடும். இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் கற்பிக்கக் கூடாது. கூட்டல் உறுதியானபின் ஒரு வாரம் விட்டே கழித்தலுக்குச் செல்லுங்கள்.

## ஒரு நாளின் பத்து நிமிடம்

வீட்டுப் பாடம் முடித்த களைப்பில் இல்லாமல், மாலைச் சிற்றுண்டிக்குப் பிறகோ காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன்போ ஒரே நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு நிமிடம் அன்றைய படியை அட்டை, காசு, சங்கிலி என்று குறியில்லாமல் பழகுங்கள். அடுத்த நான்கு நிமிடத்தில் பத்துக் கேள்விகள்: ஐந்து இன்றைய படியிலிருந்து, மூன்று முந்தைய படியிலிருந்து, இரண்டு அதற்கும் பழைய படிகளிலிருந்து. பழையவற்றைக் கலக்காவிட்டால் குழந்தை ஒவ்வொரு படியையும் கற்று, அடுத்த படிக்குப் போனதும் மறந்துவிடும். கலந்து கேட்பதால் எந்த வழியைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கவும் பழகும்.

இறுதி இரண்டு நிமிடம் பேச்சு. பத்தில் ஏதாவது ஒரு கேள்வியை எடுத்து, எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேட்கவேண்டும். தவறானதற்கு மட்டும் கேட்டால், அந்தக் கேள்வியைக் கேட்டவுடனேயே குழந்தை விடையை மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடும். வாரத்தில் ஆறு நாள் போதும்.

## பதிவேடு

நோட்டின் ஒரு பக்கம் ஒரு வாரத்துக்கு. நாள், டிக், புள்ளி, வட்டம் ஆகியவற்றின் எண்ணிக்கை, பிறகு ஓர் அகலமான பத்தி. அந்த அகலமான பத்தியில் குழந்தை சொன்ன தவறான விடையை அப்படியே எழுதவேண்டும். பலரும் தவறு என்று மட்டும் குறித்துவிட்டு விடையை எழுதாமல் விடுகிறார்கள். அப்போது பதிவேட்டின் பயனில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஏழாவது படியில் இருக்கும் ஒரு குழந்தையின் வாரம் எவ்வாறு அமையக்கூடும் என்று பாருங்கள்.

| நாள் | டிக் | புள்ளி | வட்டம் | சொன்ன விடை |
|---|---|---|---|---|
| திங்கள் | 4 | 3 | 3 | 76 → 33, 54 → 22, 92 → 41 |
| செவ்வாய் | 5 | 3 | 2 | 38 → 14, 72 → 31 |
| புதன் | 4 | 5 | 1 | 96 → 43 |
| வியாழன் | 6 | 4 | 0 | |
| வெள்ளி | 7 | 2 | 1 | 78 → 49 |
| சனி | 8 | 2 | 0 | |

திங்களன்று மூன்று தவறுகள். சரியான விடைகள் 38, 27, 46. மூன்றிலும் ஐந்து குறைகிறது. மூன்று எண்களும் ஒற்றைப்படைப் பத்தில் தொடங்குபவை. அப்படியானால் குழந்தைக்குப் பாதி என்றால் என்னவென்று தெரியும், மிச்சப் பத்தைக் கீழே போடுகிறது, அவ்வளவே. செவ்வாயின் இரண்டும் அதையே உறுதிப்படுத்துகின்றன. எனவே செவ்வாய் மாலை முதல் பாதிக் கணக்குகள் எல்லாவற்றையும் பழகாமல், அந்த ஐந்து ஒற்றைப்படைப் பத்துகளை மட்டும் பழகவேண்டும்.

புதன்கிழமையைக் கவனியுங்கள். டிக் ஐந்திலிருந்து நான்காகக் குறைந்திருக்கிறது. டிக்கை மட்டும் எண்ணும் பெற்றோர் பின்னடைவு என்று நினைப்பார்கள். ஆனால் வட்டமும் குறைந்து, புள்ளி ஏறியிருக்கிறது. குழந்தை வேகமாகத் தவறிக்கொண்டிருந்த பழைய வழியைக் கைவிட்டு, புதிய வழியில் மெதுவாகச் சரியாகச் செய்கிறது. புதிய வழி வரும் நாளில் வேகம் குறைவது இயற்கை. அந்த நாளில் அவசரப்படுத்தினால் குழந்தை பழைய வழிக்கே திரும்பிவிடும்.

வெள்ளியன்று வந்த 49 வேறு வகை. 78க்குப் பாதி 39. விடை பத்து கூடியிருக்கிறது: 70க்கு 35 என்பதற்குப் பதிலாக, 90க்கு உரிய 45ஐ எடுத்து 4ஐச் சேர்த்திருக்கிறது. வழி சரி, நினைவு மட்டும் மாறிவிட்டது. இதற்கு விளக்கம் எதுவும் வேண்டாம். 70, 90 இரண்டையும் கலைத்துச் சில முறை கேட்டால் போதும்.

அடுத்த படிக்குப் போவதற்கு ஒரே விதியை வைத்துக்கொள்ளுங்கள்: தொடர்ந்து இரண்டு நாள் வட்டம் எதுவும் இல்லாமல், புள்ளி இரண்டுக்கு மேல் போகாமல் இருக்கவேண்டும். மேற்கண்ட வாரத்தில் சனிக்கிழமை மட்டுமே அந்த நிலையை எட்டியிருக்கிறது, எனவே அடுத்த திங்களும் ஏழாவது படியே. அன்று 9 டிக்கும் 1 புள்ளியும் வந்தால் செவ்வாயன்று எட்டாவது படி. இதற்கு எதிர்த்திசையிலும் விதி உண்டு: பழைய படியிலிருந்து கேட்கும் கேள்விகளில் ஒரே வகைத் தவறு ஒரு வாரத்தில் இரண்டு முறை வந்தால், அடுத்த மூன்று நாள் அந்தப் படிக்கு இறங்கிவிடுங்கள். இரண்டு வாரமாகியும் எண்ணிக்கை அசையாமல் நின்றால், குழந்தையின் முயற்சியைக் குறை சொல்லும் முன் முந்தைய படியைச் சோதியுங்கள். ஏழில் நிற்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் ஆறில் ஏதோ ஒன்று உறுதியாகாமல் இருக்கும்.

ஒன்பது படிகளும் முடிந்தபின் நாளும் பழகவேண்டியதில்லை; வாரம் இரண்டு நாள், எல்லாப் படிகளையும் கலந்து பத்துக் கேள்விகள் போதும். கோடை விடுமுறை முடிந்து ஐந்தாம் வகுப்புக்குப் போகும் வாரத்தில், முதல் நாள் செய்த அந்த முப்பது கேள்விச் சோதனையை மீண்டும் நடத்தி, அதே நோட்டில் பழைய பக்கத்துக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். வட்டம் விழுந்த படிகளில் எது வரிசையில் முதலில் வருகிறதோ, அதிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.